மழலையர் சேர்க்கை: பெற்றோரை அழைக்கும் கடிதத்தில் நேரமும் ஆவணங்களும்

“ஒரு பள்ளியின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மழலையர் வகுப்பில் 30 இடங்கள். 40 குழந்தைகளின் பெற்றோரை நேர்காணலுக்கு அழைத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியரும் தனித்தனி அறையில் பெற்றோரைப் பார்ப்பார்கள். ஆவணங்களைச் சரிபார்ப்பது நான் ஒருவன்தான். பழைய கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. அதில் எல்லோரையும் காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியை மட்டும் மாற்றி அதையே அனுப்பிவிடலாமா? நேரத்தையும் ஆவணங்களையும் எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?”

அந்தப் பழைய கடிதத்தைக் கோப்பிலேயே விட்டுவிடுங்கள். அப்படியொரு கடிதத்தை நானும் அனுப்பியிருக்கிறேன். பள்ளி அலுவலக வேலையில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. முப்பத்தைந்து குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே வரி: காலை 9 மணிக்கு வரவும். எட்டேமுக்காலுக்கே வராந்தா நிறைந்துவிட்டது. பத்து மணிக்கு ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன. பதினொன்றரை மணிக்கு உள்ளே அழைக்கப்பட்ட ஒரு பையன் அப்பாவின் தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி ஆசிரியை தன் குறிப்பேட்டில் எழுதிய ஒரே சொல், ‘பேசவில்லை’. தூங்குகிற பிள்ளை என்ன பேசும்? அந்தச் சொல்லுக்குக் காரணம் அந்தப் பையன் அல்ல, என் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரிதான்.

எழுத உட்காரும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு கேள்விக்கு விடை வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு இடம் என்பதை அந்தச் சந்திப்பை வைத்து முடிவு செய்யப்போகிறார்களா, அல்லது விண்ணப்ப வரிசை, குலுக்கல், வீட்டின் தொலைவு போன்ற வேறு ஏதாவது அளவுகோல் இருக்கிறதா? பல அலுவலகங்களில் இதைக் கேட்கவே மாட்டார்கள். ஆனால் கடிதத்தின் தலைப்பே இந்த விடையைப் பொறுத்தது. ‘நேர்காணல்’ என்று எழுதினால் பெற்றோருக்குத் தேர்வு என்றுதான் பொருள்படும். அன்று இரவே மூன்றரை வயதுக் குழந்தையை உட்காரவைத்து நிறங்களின் பெயரை ஒப்பிக்கச் சொல்வார்கள். உங்கள் பள்ளி இந்தியாவில் இருந்தால் இது வெறும் சொல் விவகாரமாகவும் நிற்காது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்க்கும் எந்த முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் அபராதமும் உண்டு. அங்கே ‘நேர்காணல்’ என்று அச்சடித்த கடிதம், பள்ளி தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடக்கூடும். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பழையபடியே செய்தால் அதுவும் தப்பிக்கும் வழி ஆகாது. ஆகவே முதலில் விடை, பிறகு தலைப்பு. அந்த நாளில் உண்மையிலேயே நடப்பது அறிமுகமும் ஆவணச் சரிபார்ப்பும்தான் என்றால் ‘சேர்க்கைச் சந்திப்பு’ என்று எழுதுங்கள். கீழே நான் தரும் மாதிரி அந்த அடிப்படையில் எழுதியது. 30 இடங்களும் குலுக்கலில் நிரப்பப்படுகின்றன என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நேரம். கடிதத்தில் நேரத்தை எழுதுமுன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். ஒரு குடும்பத்துடன் பேசுவதற்கு 15 நிமிடம், பேசியதைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைக்க 5 நிமிடம், ஆக 20 நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காத பட்டியல் எல்லாமே பத்து மணிக்குள் குலைந்துவிடும். 40 குடும்பங்களுக்கு 800 நிமிடம். தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர் என இரண்டு மேசைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். இடைவேளை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மாலை ஐந்தாகிவிடும். இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் மதியம் தூங்குகிறவர்கள். பிற்பகலில் கூப்பிட்டால் பாதிப் பேர் சிணுங்கிக்கொண்டே வருவார்கள். எனவே ஒரே நாளில் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு இரண்டு சனிக்கிழமைக் காலைகளைக் கேளுங்கள். நாளொன்றுக்கு 20 குடும்பங்கள், மேசைக்குப் பத்து.

முதல் மேசையின் நேரங்கள் 9.00, 9.20, 9.40, 10.00, 10.20. அதன்பின் 10.40 முதல் 11.00 வரை யாரையும் அழைக்காதீர்கள். பிறகு 11.00, 11.20, 11.40, 12.00, 12.20 என்று ஐந்து பேர். 12.40-க்கு முடியும். நடுவில் விடும் அந்த இருபது நிமிடம் தேநீருக்காக என்று எல்லோரும் நினைப்பார்கள்; நினைக்கட்டும். ஒவ்வொரு சந்திப்பும் நான்கு நிமிடம் நீண்டால் ஐந்து சந்திப்பில் இருபது நிமிடம் பின்தங்கியிருப்போம். அந்தத் தாமதத்தை விழுங்கத்தான் அந்த இடைவெளி. அது இருந்தால் பதினொரு மணிக்காரர் பதினொரு மணிக்கே உள்ளே போவார்.

இரண்டாம் மேசையும் 9.00-க்கே தொடங்கலாம் என்று தோன்றும். அங்கேதான் உங்கள் தலையில் விழும். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்கள் உங்கள் முன் வந்து நிற்கும். ஒரு குடும்பத்தின் காகிதங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆறேழு நிமிடம் ஆகும். ஏதாவது குறை இருந்தால் பத்து. இரண்டாவதாகப் பார்க்கப்படுபவர் தன் நேரத்தை உங்கள் மேசையிலேயே தொலைத்துவிடுவார், உள்ளே துணைத் தலைமையாசிரியர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆகவே இரண்டாம் மேசையைப் பத்து நிமிடம் தள்ளி 9.10-க்குத் தொடங்குங்கள். நடுவில் அதே இருபது நிமிட இடைவெளியோடு 9.10, 9.30, 9.50 என்று போகும். கடைசிச் சந்திப்பு 12.50-க்கு முடியும். அப்படிச் செய்தால் உங்களிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு குடும்பம்தான் வரும். சந்திப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக உங்களிடம் வரச் சொன்னால், 10.15-க்கு வரும் குடும்பத்துக்குப் பிறகு அடுத்தவர் 10.45-க்குத்தான். குடிக்கும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ள உங்களுக்கும் அரைமணி நேரம் கிடைக்கும்.

கடிதத்தில் இப்போது இரண்டு நேரங்கள் வந்துவிட்டன. ஆவண மேசைக்கு வரவேண்டிய நேரம் ஒன்று, உள்ளே சந்திக்கும் நேரம் இன்னொன்று. பதினைந்து நிமிடம் முன்னதாக வரச் சொல்வது போதும். அரைமணி வேண்டாம், அது பழைய வராந்தாவைத்தான் திரும்பக் கொண்டுவரும். இரண்டு நேரத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் எது தடித்த எழுத்தில் இருக்கிறதோ அதை மட்டும்தான் படிப்பார்கள். வரவேண்டிய நேரத்தைத் தனி வரியில் முதலில் போடுங்கள். சந்திப்பு நேரத்தை அடுத்த வரியில், சாதாரண எழுத்தில். ‘சுமார் 8.45 மணியளவில்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். ‘அளவில்’ என்றால் ஒருவருக்கு எட்டரை, இன்னொருவருக்கு ஒன்பதேகால்.

வந்து போக மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பதினைந்து நிமிடம் முன்வருகை, இருபது நிமிடம் சந்திப்பு, கூடக்குறைய பத்து நிமிடம்: 45 நிமிடம். வேலைக்குப் போகிற பெற்றோர் அரைநாள் விடுப்பா, முழுநாள் விடுப்பா என்று முடிவு செய்வது அந்த வரியை வைத்துத்தான். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதும் அதை வைத்துத்தான்.

ஆவணங்களுக்கு வருவோம். இந்தப் பட்டியல் எல்லாப் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் ஒரு வரி வளரும், குறையவே குறையாது. என் காலத்தில் அது பன்னிரண்டு வரை போயிருந்தது. ஒரு நாள் ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதை வைத்து அன்று நான் என்ன செய்யப்போகிறேன்’ என்று எழுதிப்பார்த்தேன். எட்டின் எதிரில் எழுத எதுவும் இல்லை. பெற்றோரின் பட்டச் சான்றிதழ், வேலை செய்யும் இடத்தின் கடிதம் போன்றவை வெறும் காகிதச் சுமை. கேட்டவுடன் பள்ளி எதையோ எடைபோடுகிறது என்ற எண்ணத்தையும் அவை உண்டாக்கும். சந்திப்பு நாளுக்கு உண்மையில் தேவைப்படுவது நான்குதான். மற்றவற்றை இடம் உறுதியான பிறகு, சேர்க்கை நாளில் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது பிறப்புச் சான்றிதழ். ‘பிறப்புச் சான்றிதழ்’ என்று மட்டும் எழுதினால் பத்தில் இரண்டு பேராவது மருத்துவமனை கொடுத்த பிறப்புச் சீட்டைக் கொண்டுவருவார்கள். அதில் எடையும் நேரமும் இருக்கும், பதிவு எண் இருக்காது. ஆகவே ‘பிறப்புப் பதிவு அலுவலகம் வழங்கிய சான்றிதழ்’ என்று எழுதுங்கள். வாங்கிப் பார்க்கும்போது மூன்று இடங்களில் கண்ணை ஓட்ட வேண்டும். குழந்தையின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்பது முதலில். பெயர் வைக்குமுன்பே பதிவு செய்யப்பட்டு, அந்த இடம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்களைப் பார்த்திருக்கிறேன். பிறந்த தேதி விண்ணப்பத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா, பள்ளி குறிப்பிட்ட நாளில் வயது நிறைகிறதா என்பது அடுத்தது. மூன்றாவது, தலைப்பெழுத்து. விண்ணப்பத்தில் ஓரெழுத்து, சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர், தடுப்பூசி அட்டையில் இரண்டுமே இல்லை என்று வரும். இது நிராகரிக்க வேண்டிய குறை அல்ல. பள்ளிப் பதிவேட்டில் எந்த வடிவத்தில் எழுதுவது என்று அன்றே கேட்டு, பெற்றோரின் கையெழுத்தோடு குறித்துக்கொண்டால் போதும். பள்ளிப் பதிவேட்டில் ஏறிய பெயர்தான் பின்னால் எல்லாச் சான்றிதழிலும் தொடரும். பத்து ஆண்டு கழித்துத் திருத்துவது பெரும்பாடு.

இரண்டாவது தடுப்பூசி அட்டை. இதன் நகலைக் கேட்டால் பெரும்பாலோர் அட்டையின் முகப்பை மட்டும் நகலெடுத்து வருவார்கள். நமக்கு வேண்டியது குழந்தையின் பெயர் உள்ள பக்கமும் ஊசி போட்ட தேதிகள் உள்ள பக்கமும். அதையே அப்படியே எழுதுங்கள். மூன்றாவது இருப்பிடச் சான்று. வீட்டின் தொலைவு இட ஒதுக்கீட்டில் கணக்கிடப்படுகிறது என்றால் மட்டும் இந்த வரி இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடலாம். வாடகைக்கு இருப்பவர்களிடமும் தாத்தா பாட்டியோடு கூட்டாக இருப்பவர்களிடமும் தம் பெயரில் எந்த ரசீதும் இருக்காது. அவர்கள் என்ன கொண்டுவரலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நான்காவது அழைத்து வருபவரின் அடையாள அட்டை. குழந்தையோடு வந்திருப்பவர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்தானா என்று பார்க்க இது வேண்டும். குழந்தையின் புகைப்படங்கள் இரண்டு போதும், பின்புறம் பென்சிலால் பெயர் எழுதி. பேனாவால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும்.

அசல், நகல் விஷயத்தில் ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கடிதத்தில் ‘அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கவும்’ என்று எழுதிவிட்டேன். காட்டவும் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. ஒரு தாயார் சொன்னதைச் சொன்னபடி செய்து, அசலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது வேறொரு விண்ணப்பத்தின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் தேடினோம். அதன்பிறகு எல்லாக் கடிதத்திலும் ஒரே வாக்கியம்: அசலைக் காட்டிவிட்டு உடனே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், நகலை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்வோம்.

யார் வர வேண்டும் என்ற வரியும் நிறையப் பேரைக் காயப்படுத்துகிற வரி. ‘தாய் தந்தை இருவரும் கட்டாயம் வர வேண்டும்’ என்று பழைய கடிதத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், கணவரோ மனைவியோ வெளிநாட்டில் இருப்பவர் எல்லோரும் அந்த வரியைப் படித்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசியில் தங்கள் கதையை விளக்க வேண்டியிருக்கும். ‘பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் வந்தால் போதும், இருவரும் வர இயன்றால் நல்லது’ என்று எழுதினால் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். பாதுகாவலர் வந்தால் அதற்கான சான்று வேண்டும் என்பதை மட்டும் ஆவண வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணினியில் நாற்பது கடிதங்களையும் ஒரே வார்ப்பில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரைச் செருகினால் வேலை முடிந்தது. தமிழில் பெயரோடு உருபு ஒட்டும். ‘...இன் சேர்க்கை தொடர்பாக’ என்று வார்ப்பில் எழுதி வைத்தால் ‘மீராஇன்’, ‘கவின்இன்’, ‘தமிழரசிஇன்’ என்று அச்சாகும். சரியாக எழுதினால் மீராவின், கவினின், தமிழரசியின். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நாற்பதையும் கையால் திருத்தவும் முடியாது, அப்படியே அனுப்பவும் கூடாது. பெயருக்குப் பின்னால் உருபு வராதபடி வாக்கியத்தை அமைப்பதுதான் வழி. ‘குழந்தையின் பெயர்’ என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, பெயரைத் தனியாக நிறுத்திவிடுங்கள். கடிதத்தின் உடலில் ‘உங்கள் குழந்தை’ என்றே எழுதுங்கள். பெற்றோரின் பெயருக்குப் பின் ‘அவர்களுக்கு’ என்று போட்டால் உருபை அந்தச் சொல் சுமந்துகொள்ளும். செல்வன், செல்வி என்பதையும் விட்டுவிடலாம். பட்டியலில் ஒரு கட்டம் தவறினால் பெண் பிள்ளைக்குச் செல்வன் என்று போய்விடும், அதைப் பெற்றோர் மறக்கவே மாட்டார்கள்.

தேதியையும் நேரத்தையும் அட்டவணையில் உரையாகவே தட்டச்சு செய்யுங்கள். இல்லையென்றால் கணினி தன் இஷ்டத்துக்கு மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் தள்ளிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்து, நாட்காட்டியைத் திறந்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘மார்ச் 14, ஞாயிறு’ என்று போய்விட்டால் பாதிப் பேர் தேதியை நம்புவார்கள், மீதிப் பேர் கிழமையை நம்புவார்கள்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

[பள்ளியின் பெயர், முகவரி, அலுவலகத் தொலைபேசி எண்]
2 மார்ச் 2026

திரு / திருமதி .................... அவர்களுக்கு,

பொருள்: மழலையர் வகுப்பு, சேர்க்கைச் சந்திப்பு
விண்ணப்ப எண்: .........
குழந்தையின் பெயர்: ....................

வணக்கம்.

உங்கள் குழந்தைக்காக நீங்கள் அளித்த விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்தது. உங்களையும் குழந்தையையும் நேரில் சந்திக்க அழைக்கிறோம்.

நாள்: 14 மார்ச் 2026, சனிக்கிழமை
பள்ளிக்கு வரவேண்டிய நேரம்: காலை 8.45
சந்திப்பு தொடங்கும் நேரம்: காலை 9.00, அறை 1

முதலில் அலுவலக முன்மேசைக்கு வாருங்கள். வந்து செல்ல மொத்தம் 45 நிமிடங்கள் ஆகும். பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் வந்தால் போதும். இருவரும் வர இயன்றால் நல்லது.

இது தேர்வு அல்ல. குழந்தையிடம் பாடக் கேள்விகள் எதுவும் கேட்கப்படாது. எந்தப் பயிற்சியும் தேவையில்லை. நீங்கள் தலைமையாசிரியருடன் பேசும்போது, அதே அறையில் உங்கள் கண்பார்வையில் ஓர் ஆசிரியை குழந்தையுடன் விளையாடிக்கொண்டிருப்பார். குழந்தையின் உணவு, தூக்கம், உடல்நலம், வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் கேட்போம்.

கொண்டுவர வேண்டியவை:
1. பிறப்புப் பதிவு அலுவலகம் வழங்கிய பிறப்புச் சான்றிதழ்: அசலும் ஒரு நகலும்.
2. தடுப்பூசி அட்டை: அசலும், குழந்தையின் பெயர் உள்ள பக்கம், ஊசி போட்ட தேதிகள் உள்ள பக்கம் ஆகியவற்றின் நகலும்.
3. வருபவரின் அடையாள அட்டை. பாதுகாவலர் வந்தால் அதற்கான சான்றின் நகல்.
4. குழந்தையின் அண்மைப் படங்கள் இரண்டு. பின்புறம் பென்சிலால் பெயர் எழுதவும்.

அசலைக் காட்டிவிட்டு உடனே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஏதேனும் ஓர் ஆவணம் இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் குறித்த நேரத்தில் வாருங்கள். அதைக் கொடுக்க 7 நாள் அவகாசம் உண்டு. அன்று கட்டணம் எதுவும் செலுத்த வேண்டாம்.

நீங்கள் வருவதை 9 மார்ச் திங்கட்கிழமை மாலை 4 மணிக்குள் மேலே உள்ள எண்ணில் தெரிவியுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அழைத்து வர வேண்டாம். தொலைபேசியில் சொன்னால் வேறு நேரம் தருவோம்.

மொத்த இடங்கள் 30. இந்த அழைப்பு இடம் கிடைத்ததற்கான உறுதி அல்ல. குலுக்கல் 27 மார்ச் வெள்ளிக்கிழமை, பெற்றோர் முன்னிலையில் நடைபெறும். இந்தச் சந்திப்பில் நாம் பேசுவது குலுக்கலைப் பாதிக்காது.

அன்புடன்,
[கையெழுத்து]
தலைமையாசிரியர்

இருப்பிடச் சான்று இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குலுக்கல் என்றால் தொலைவுக்கு வேலை இல்லை, அதனால் எடுத்துவிட்டேன். ‘உறுதி அல்ல’ என்ற வரியைப் பலர் முதல் பத்தியிலேயே போடுவார்கள். வரவேற்புக்கு முன்னால் எச்சரிக்கை போய் நிற்கும். அதே சமயம் அதை விட்டுவிடவும் முடியாது: 40 பேரில் பத்துப் பேருக்கு இடம் இருக்காது, ‘அழைத்தீர்களே’ என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆகவே கடைசியில், எண்ணிக்கையோடு, முடிவு தெரியும் தேதியோடு. ‘நீங்கள்’ என்றே எழுதியிருக்கிறேன். ‘தாங்கள்’ வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முழுக் கடிதத்திலும் மாற்றுங்கள். மேலே தாங்களும் கீழே நீங்களுமாக வரும் கடிதங்கள் ஏராளம்.

குழந்தை என்ன செய்யும், எங்கே இருக்கும் என்ற பத்தியைக் கடிதம் நீளுகிறது என்று யாராவது வெட்டச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பிள்ளையைத் தனியே அழைத்துப்போவீர்களா’ என்பதுதான் தொலைபேசியில் வரும் முதல் கேள்வி. இந்த வயதில் அம்மாவை விட்டுப் பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான குழந்தைகள் அழும். அந்த அழுகையிலிருந்து நாம் தெரிந்துகொள்ளப்போவது ஒன்றுமில்லை. கடிதத்தில் எழுதிவிட்டால் பள்ளியும் அதன்படி நடக்க வேண்டியிருக்கும். ஆகவே அனுப்புமுன் அந்த ஆசிரியை யார், அறையில் பொம்மைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அச்சடிக்குமுன் விண்ணப்பப் பட்டியலைப் பெற்றோரின் தொலைபேசி எண் வரிசையில் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். ஒரே எண் இரண்டுமுறை வந்தால் பெரும்பாலும் இரட்டைக் குழந்தைகள். அப்படி அடுக்கிப் பார்க்காத ஓர் ஆண்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு கடிதம் போயிற்று, ஒரு பிள்ளைக்கு முதல் சனிக்கிழமை, மற்றதற்கு அடுத்த சனிக்கிழமை. அந்தத் தந்தை சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரட்டையர் வீட்டுக்கு ஒரே கடிதத்தில் இரண்டு பெயரும், அடுத்தடுத்த இரண்டு நேரமும் கொடுங்கள். முடிந்தால் 10.00, 10.20 என்று இடைவெளிக்கு முன்னால் வரும்படி வையுங்கள். நீண்டாலும் யாரையும் தள்ளாது.

கடிதத்தை அனுப்பிய பிறகு இரண்டு வகை அழைப்புகள் வரும். நேரம் மாற்றக் கேட்பவை ஒரு வகை. மாற்றிக் கொடுங்கள், ஆனால் காலியாக உள்ள நேரத்துக்கு மட்டும். ஒருவருக்காக இன்னொருவரை அழைத்து இடம் மாற்ற ஆரம்பித்தால் நான்காவது மாற்றத்தில் ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருப்பீர்கள். மாற்றிய நேரத்தை வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் அனுப்புங்கள். பட்டியலிலும் உடனே திருத்துங்கள். இன்னொரு வகை, வராத அழைப்பு. 9-ஆம் தேதி மாலை நான்கு மணிக்குப் பட்டியலில் பதில் தராதவர் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ‘பதில் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து’ என்று எழுதவில்லையே என்று தோன்றலாம். எழுதியிருந்தாலும் இவர்களில் பாதிப் பேருக்குக் கடிதமே போய்ச் சேர்ந்திருக்காது: வீடு மாறியிருப்பார்கள், எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருக்கும். பத்தாம் தேதி நீங்களே அழைத்துப் பாருங்கள்.

அன்று காலை உங்கள் மேசையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் இருக்கட்டும். கடிதத்தில் உள்ள அதே நான்கு ஆவணங்கள், அதே வரிசையில், பக்கத்தில் ஒரு கட்டம். பட்டியலும் தாளும் ஒரே வரிசையில் இருந்தால் அவர்கள் எடுத்துத் தரத் தர நீங்கள் குறித்துக்கொண்டே போகலாம். ஏதாவது இல்லையென்றால் அதன் பெயரையும் 21 மார்ச் என்ற கெடு தேதியையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அவர்களை உரிய நேரத்துக்கு உள்ளே அனுப்பிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை வருபவர்களுக்கு அந்தத் தேதி 28 ஆகிவிடும், ஆனால் குலுக்கல் 27-ஆம் தேதி. ஆகவே இரண்டாம் அணியின் கடிதத்தில் மட்டும் ‘7 நாள்’ என்பதை ‘5 நாள்’ என்று மாற்ற மறக்காதீர்கள். முதல் அணியின் வார்ப்பை அப்படியே நகலெடுக்கும்போது தவறுகிற இடம் இதுதான்.